பின்மண்டையை நீங்களே வெட்டிக்கொள்வது

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 26 முதல் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சலூன்கள் மூடப்பட்டன. சில நாட்களில் கிராமத்துச் சலூன்களும் மூடின. ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் சலூன் திறக்க அனுமதி கிடைத்தது. தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு அந்தத் தளர்வு இல்லை. சேலமும் நாமக்கல்லும் அந்தப் பதினொன்றில் இருந்தன. விழுப்புரத்துக்காரர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்த நாளில், தாரமங்கலத்துக்காரருக்கும் திருச்செங்கோட்டுக்காரருக்கும் பின்கழுத்து முடி சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாடி டிரிம்மரைத் தலைக்கு எடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்போது வந்ததுதான். வெளிமாநில லோடு ஏறி வாரக்கணக்கில் ஊர் திரும்பாத நாமக்கல் டிரைவர்களுக்கு இன்றும் அது கைகொடுக்கிறது.

முன்பக்கத்தையும் கிருதாவையும் யாரும் வெட்டிக்கொள்ளலாம். கண் எதிரே இருக்கிறது. சிக்கல் முழுவதும் காதுக்குப் பின்னால்தான். இந்த அத்தியாயம் அந்த இடத்துக்கு மட்டும். பிடரியிலிருந்து பின்மண்டை மேடு வரை மெஷினால் சீராகக் குறைத்து, கழுத்தடியைச் சுத்தம் செய்வதே நோக்கம். மேல்தலை முடியை இதில் தொடப்போவதில்லை.

கண்ணாடி வைக்கும் முறை

முதலில் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கண்ணாடி பார்ப்பதற்கு, விரல் வெட்டுவதற்கு. கண்ணாடியில் தெரிவதை நம்பி மெஷினை ஓட்டுகிறவர்களுக்குத்தான் கோடு சாய்கிறது. ஏன் சாய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரிய கண்ணாடி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இரும்பு பீரோக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கும். அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பீரோவுக்கு முதுகைக் காட்டி, இரண்டடி தள்ளி, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காருங்கள். சின்னக் கண்ணாடி முகத்துக்கு எதிரே, ஒன்றரை அடி தூரத்தில், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அதைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு கைக்கு மெஷின், மறு கைக்குக் காது மடலை மடக்கவும் கோட்டைக் காக்கவும் வேலை இருக்கிறது. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஏற்றி, அதன் முதுகில் கண்ணாடியைக் கயிற்றால் கட்டிவிட்டால் போதும். இரண்டும் தட்டையான கண்ணாடியாக இருக்கட்டும். லாரி, பைக்கின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்த கண்ணாடி. அவற்றில் தலை சின்னதாகவும் ஓரம் வளைந்தும் தெரியும், அளவு பிடிபடாது.

சின்னக் கண்ணாடியை நேர் எதிரே வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். உங்கள் தலையே பின்கண்ணாடியை மறைத்துவிடும். ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தி, உங்கள் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள். இப்போது பார்வை வலது காதை ஒட்டிக் கடந்து பீரோக் கண்ணாடியில் பட்டு, பின்மண்டையின் வலது பாதியைக் காட்டும். இடது பாதிக்கு அதே அளவு இடப்பக்கம் நகர்த்தித் திருப்ப வேண்டும். இரண்டு பாதியும் ஒருசேர நன்றாகத் தெரிகிற இடம் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இந்த அமைப்பில் நீங்கள் காணும் பிம்பம், உங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் போன்றது. உங்கள் வலது காது வலப்பக்கமே தெரியும். வலது கையை வலப்பக்கம் அசைத்தால் பிம்பத்திலும் வலப்பக்கமே போகும். இதில் குழப்பம் இல்லை. குழப்பம் முன்பின் அசைவில் இருக்கிறது. தினமும் சேவிங் செய்யும் ஒற்றைக் கண்ணாடியில் கையை முன்னால் கொண்டுபோனால் பிம்பத்தின் கை உங்களை நோக்கி வரும். இரட்டைக் கண்ணாடியில் அது உங்களை விட்டு விலகிப்போகும். பல வருடம் பழகிய கை இங்கே தடுமாறும். மெஷினை அணைத்து வைத்துக்கொண்டு, பிடரியிலிருந்து மேல்நோக்கி வெறுமனே நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். கை தலையைத் தொடும் உணர்வும் கண் காணும் படமும் ஒன்றுசேரும் வரை சுவிட்சைப் போட வேண்டாம்.

இன்னொரு சிக்கல் சாய்வு. சின்னக் கண்ணாடி பக்கவாட்டில் இருக்கும்போதே சற்று மல்லாந்தும் சாய்ந்திருந்தால், மட்டமான கோடு பிம்பத்தில் சாய்வாகத் தெரியும். அதை நேராக்கப்போய்க் கழுத்தில் உண்மையான சாய்வை உண்டாக்கிவிடுவோம். இதைச் சோதிக்கப் பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேல் போதும். ஸ்கேலைக் கழுத்துக்குப் பின்னால் கிடையாகப் பிடித்து, அதன் மேல்விளிம்பு இரண்டு காது மடல்களின் நுனியையும் ஒரே மாதிரி தொடும்படி வையுங்கள். கண்ணாடியில் ஸ்கேல் சாய்ந்து தெரிந்தால் சாய்ந்திருப்பது கண்ணாடிதான். ஸ்கேல் மட்டமாகத் தெரியும் வரை சின்னக் கண்ணாடியின் மேல்விளிம்பை முன்னோ பின்னோ தள்ளிச் சரிசெய்யுங்கள். கண்ணாடியை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை வேண்டும்.

வெளிச்சம் பின்மண்டையில் விழ வேண்டும். முகத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால் கண் கூசும், பின்மண்டை இருட்டாகிவிடும். பீரோ இருக்கும் சுவரிலேயே டியூப்லைட் இருந்தால் நல்லது. கண்ணுக்கும் பிம்பத்துக்கும் இடையில் ஒளி ஏழெட்டு அடி சுற்றி வருகிறது. அதனால் படம் சின்னதாகவே தெரியும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் வெட்டும்போது அதைக் கழற்றக் கூடாது. காதோரம் வெட்டும்போது மட்டும் கழற்றினால் போதும்.

மெஷினும் முடியும்

மெஷினின் கார்டு எண்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றாம் நம்பர் 3 மி.மீ., இரண்டு 6, மூன்று 10, நான்கு 13 மி.மீ. முடியை விட்டுவைக்கும். தாடி டிரிம்மரில் நம்பருக்குப் பதில் மில்லிமீட்டரே எழுதியிருக்கும். பல டிரிம்மர்கள் 10 மி.மீ.யைத் தாண்டா. பிளேடும் குறுகல் என்பதால், டிரிம்மரில் வேலை மெதுவாகவே நடக்கும். தலைக்கென்று வாங்கினால் அகலப் பிளேடு உள்ள கிளிப்பரையே வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த வயர் மெஷினாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது நம் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

நம் முடி அடர்த்தியும் தடிமனும் உள்ளது. அதில் தேங்காயெண்ணெயும் ஏறியிருந்தால் கார்டின் பற்கள் அடைத்து, மெஷின் வெட்டுவதற்குப் பதில் இழுக்கும். ஷாம்பு போட்டு எண்ணெயைப் போக்கி, முழுதாகக் காய்ந்த பிறகே தொடங்குங்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் பத்து மணிக்கே கழுத்து வியர்க்கும். ஈர முடி மெஷினுக்கு ஆகாது. விடிந்ததும் செய்துவிடுங்கள். பிடரியில் கொஞ்சம் பவுடர் தட்டினால் கார்டு வழுக்கி ஓடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பிளேடுக்குத் தேங்காயெண்ணெய் போடக் கூடாது. அது நாளாக நாளாகப் பிசினாகும், குளிர்ந்தால் உறையும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

வெட்டும் முறை

பின்மண்டையை விரலால் தடவிப் பாருங்கள். பிடரியிலிருந்து மேலே போகும்போது, காதின் நடுப்பகுதிக்கு நேரே ஓர் எலும்பு மேடு புடைத்து நிற்கும். அதற்கு மேல் தலை உட்பக்கம் வளைகிறது. அதற்கும் மேலே உச்சியருகே சுழி. மெஷின் இந்த மேட்டோடு நின்றுவிட வேண்டும். சுழி முடி வட்டமாக முளைப்பதால், அதைக் குட்டையாக வெட்டினால் படியாமல் குத்திட்டு நிற்கும். வீட்டு வெட்டில் பளிச்சென்று தெரியும் குறைகளில் பாதி, மெஷின் சுழிக்குள் ஏறிவிட்டதால் வருகிறது.

நீளமான கார்டில் தொடங்குங்கள். எந்த நம்பர் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்கு ஒரு நம்பர் மேலே. கார்டைப் பொருத்தியதும் ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் பிடுங்கிப் பாருங்கள், வரக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் முன் இதைச் செய்யுங்கள். வெட்டும்போது கார்டு கழன்றால் அந்த இடம் வழுக்கையாகிவிடும், வேறு எந்தத் தவறும் இவ்வளவு கெடுக்காது. நீளத்தைத் தள்ளி மாற்றும் டிரிம்மர்களில், எலும்பு மேட்டில் அழுத்தும்போது சீப்பு தானாக ஒரு படி இறங்கிவிடுவதும் உண்டு. பூட்டு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அழுத்தாதீர்கள்.

தலையைச் சற்றுக் குனிந்து, கார்டின் அடிப்பாகம் தோலில் முழுதாகப் படியும்படி பிடரியில் வைத்து மெதுவாக மேலே கொண்டுபோங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் மேட்டை அடைந்தால் வேகம் சரி. மேடு வந்ததும் தலையின் வளைவைப் பின்தொடராமல், நேராக மேல்நோக்கித் தூக்கி மெஷினை வெளியே எடுத்துவிடுங்கள். கார்டு தலையை விட்டு விலக விலக, வெட்டும் நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மேல்முடியோடு படிக்கட்டு விழாமல் கலப்பது இந்த விலகலால்தான். கண்ணாடி இல்லாமலும் இதைக் கை கற்றுக்கொள்ளும். இடது கைவிரல் ஒன்றை மேட்டின்மேல் வைத்துக்கொண்டால், மெஷின் அந்த விரலைத் தொட்டதும் எடுத்துவிடலாம்.

வலது பாதிக்கு வலது கை, இடது பாதிக்கு இடது கை. இடது கை பழகவில்லை என்று வலது கையையே நடுக்கோட்டைத் தாண்டி நீட்டுகிறவர்கள்தான் அதிகம். தாண்டியதும் மணிக்கட்டு திரும்பி, பிளேடின் ஒரு மூலை மட்டும் தோலில் பதியும். அங்கே கோடுகோடாகத் தெரியும். கார்டு மாட்டியிருக்கும்போது இடது கை தடுமாறினாலும் காயம் வராது, நீளமும் குறையாது. அதனால் தயங்காமல் மாற்றுங்கள்.

பிடரி முடி எல்லோருக்கும் நேர் கீழாக முளைப்பதில்லை. பலருக்கு இரண்டு ஓரங்களிலும் உள்நோக்கிச் சாய்ந்தோ சுழன்றோ இருக்கும். ஒருமுறை நேராக மேலே, ஒருமுறை வலச்சாய்வாக, ஒருமுறை இடச்சாய்வாக ஓட்டினால்தான் தப்பிய முடிகள் அகப்படும். பிறகு உள்ளங்கையால் பிடரியிலிருந்து மேலே தடவுங்கள். படிக்கட்டு விழுந்திருந்தால் கண்ணுக்கு முன் கை சொல்லிவிடும். அந்த இடத்தில் மட்டும் ஒரு நம்பர் கூடிய கார்டை மாட்டி, மேலும் கீழும் சின்ன இழுப்புகளாக ஓட்டினால் படி கரையும்.

கழுத்தடிக் கோடு

சலூனில் கத்தியால் எடுப்பதுபோல் சதுரமான கோடு வீட்டில் வேண்டாம். ஒரு வாரத்தில் கீழே முடி முளைத்து, கோடு அழுக்காகத் தெரியும். கொஞ்சம் சாய்ந்தாலும் யாரும் கண்டுபிடிப்பார்கள். முடி இயல்பாக முடிகிற வரம்பைப் பின்பற்றி, அதற்குக் கீழே சிதறி முளைத்திருப்பதை மட்டும் எடுப்பதே நல்லது.

இப்போது தலையை நிமிர்த்துங்கள். குனிந்தபடி கோடு எடுத்தால் கழுத்துத் தோல் இழுபட்டிருக்கும். நிமிர்ந்ததும் கோடு வளைந்துபோகும். இடது ஆள்காட்டி விரலைக் கிடையாக, முடி வரம்பின் கீழ் விளிம்பில் அழுத்தி வையுங்கள். கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, விரல் மட்டமாக இருப்பதை ஸ்கேல் சோதனையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு கண்ணாடியை மறந்துவிடலாம். கார்டைக் கழற்றி, மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, விரலுக்குக் கீழே தொடங்கிக் கீழ்நோக்கி மட்டும் இழுங்கள். விரல் தடுப்பதால் பிளேடு மேலே ஏற முடியாது. முதலில் நடு, பிறகு இரண்டு ஓரம்.

கழுத்தடியில் பரு போன்ற சிறு கட்டிகள் வருகிறவர்கள் வெறும் பிளேடால் ஒட்ட வெட்டக் கூடாது. ஒட்ட வெட்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே முளைத்து அதைக் கூட்டும். ஒன்றாம் நம்பர் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படர்தாமரை இருந்தால் அது ஆறும் வரை மெஷினே வேண்டாம். மெஷினை வீட்டில் ஒருவருக்கு ஒருவர் மாற்றிக்கொள்வதும் கூடாது.

ஒரு வெட்டு

2021 ஜூன் நடுவில், தாரமங்கலத்தில் தறி ஓட்டும் என் பங்காளி ஒருவருக்குப் பின்முடி காலரைத் தாண்டியிருந்தது. முடி மாதத்துக்கு ஒரு செ.மீ.யிலிருந்து ஒன்றேகால் செ.மீ. வரை வளரும், சலூனை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்ததால் பிடரியில் மூன்று செ.மீ.க்கு மேல் இருந்தது. கைவசம் அகலப் பிளேடு மெஷின், நான்கு கார்டுகள், பீரோ, ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. “நேரா ரெண்டு போட்டுரலாங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். இரண்டாம் நம்பரை நேரடியாகப் போட்டால், மேட்டில் மூன்று செ.மீ.யும் 6 மி.மீ.யும் முட்டி நிற்கும். அதைக் கலப்பது தேர்ந்தவர்களின் கைவேலை.

அதனால் நான்காம் நம்பரில் பிடரியிலிருந்து மேடு வரை மூன்று திசையிலும் ஓட்டினார். முதல் சுற்றிலேயே கார்டில் முடி அடைத்து மெஷினின் ஒலி கனத்தது. ஒலி மாறினால் நிறுத்த வேண்டும்; பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி தொடங்கினார். பிறகு மூன்றாம் நம்பரை மேட்டுக்கு இரண்டு விரல் கீழே வரை மட்டும் ஓட்டினார். கடைசியாக இரண்டாம் நம்பர், முடி வரம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு. ஒவ்வொரு எல்லையிலும் மெஷினை வெளியே தூக்கி எடுத்தார். தடவிப் பார்த்தபோது இடது காதுக்குப் பின்னால் ஒரு படி தட்டுப்பட்டது. இடது கையால் வெட்டிய இடம். மூன்றாம் நம்பரை அங்கே சாய்வாக ஓட்டியதும் கரைந்தது. நடுவில் பிளேடு சுட்டது. மணிக்கட்டில் வைத்துப் பொறுக்க முடியாத சூடு என்றால் தோலுக்கும் ஆகாது. பத்து நிமிடம் ஆறவிட்டார். கோடு எடுத்தபோது ஸ்கேல், விரல், கீழ்நோக்கிய இழுப்பு. முடிந்ததும் போனில் பின்பக்கம் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். வலது ஓரத்தில் விட்டுப்போன நாலு முடி மட்டும் தெரிந்தது.

கெட்டுப்போனால்

ஓரிடத்தில் அதிகம் எடுபட்டுவிட்டால், முழுப் பின்மண்டையையும் உடனே அந்த அளவுக்கு இறக்கத் தோன்றும். செய்யாதீர்கள். முதலில் மெஷினை அணைத்துவிட்டு, குறை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மி.மீ. இருந்தால், சுமார் பத்து நாளில் வளர்ந்துவிடும். சுற்றிலும் ஒன்றரை மி.மீ. குறைத்துக் கலந்தால் அதற்கு முன்பே கண்ணில் படாது. பத்து மி.மீ. இருந்த இடம் தோலோடு போயிருந்தால், அதைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. சலூனுக்குப் போய், நடந்ததைச் சொல்லி உட்காருங்கள். நம் ஊர்களில் பல சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால், திங்கள் மாலை வெட்டத் தொடங்க வேண்டாம்.

இந்த முறையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிடரியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். தோலிலிருந்து நிழல்போல் ஏறும் பேடு வெட்டு வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடி போதாது. அதற்குப் பின்னால் நின்று பார்க்கும் கண்ணும் சீப்பு பிடிக்கும் இன்னொரு கையும் வேண்டும். அதைச் சலூன்காரரிடமே விட்டுவிடுங்கள்.